பஸ்ஸில் தொலைத்தவர்களுக்கு ஒரு மாதிரிப் பிரமாணப் பத்திரம்

முதல் விதி: சான்றிதழ் எங்கே தொலைந்திருந்தாலும், அது பஸ்ஸில்தான் தொலைந்தது என்று எழுதிவிட வேண்டும். பரணிலிருந்து எலி இழுத்துப் போயிருக்கலாம். வீடு மாறும்போது பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறியிருக்கலாம். அதெல்லாம் நம் குடும்ப விஷயம். பிரமாணப் பத்திரம் என்று வந்துவிட்டால், "நான் பேருந்தில் பயணம் செய்தபோது மேற்படி சான்றிதழ் தவறுதலாகத் தொலைந்துவிட்டது." அவ்வளவுதான்.

முப்பது வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த அனுபவத்தில் சொல்கிறேன், நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள டைப்பிங் கடைகளின் கணக்குப்படி தமிழ்நாட்டு பஸ்களில் பயணிகளைவிடச் சான்றிதழ்கள்தான் அதிகம் ஏறியிருக்கின்றன. காரணம் எளியது. கடையின் கம்ப்யூட்டரில் LOST_NEW_FINAL என்றொரு கோப்பு இருக்கும். என்றோ ஒரு நாள் யாரோ ஒருவர் உண்மையிலேயே பஸ்ஸில் தொலைத்திருக்கிறார். அவருடைய பெயரை அழித்து அடுத்தவர் பெயரை அடித்தார்கள். அதை அழித்து அடுத்தவர் பெயர். பெயர்கள் மாறின, பஸ் மாறவில்லை. ஒருமுறை ஆண் ஒருவரின் பத்திரத்தில் "என் கணவருடன் பயணம் செய்தபோது" என்ற வரி அப்படியே நோட்டரி முத்திரை வரைக்கும் போய் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எனவே, திரும்பி வராத பத்திரம் வேண்டுமென்றால், முதல் விதியைக் கிழித்துப் போட்டுவிட்டு மேலே படியுங்கள்.

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு பெண் எங்கள் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். வயது 29. பி.காம். பட்டச் சான்றிதழ் காணவில்லை. வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்புக்கு மூலம் வேண்டும். பல்கலைக்கழகத்தில் இரண்டாம்படி கேட்டதற்கு விண்ணப்பம், கட்டணம், காவல்துறை அறிக்கை, நோட்டரி முன் எடுத்த பிரமாணப் பத்திரம் என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் வந்தார். அது பெரிய விஷயம். ஏனென்றால் இந்தப் பட்டியல் இடத்துக்கு இடம் மாறும். ஒரு பல்கலைக்கழகம் நாளிதழ் விளம்பரம் கேட்கும், இன்னொன்று கேட்காது. ஓர் இடத்தில் காவல்துறையின் இணையதளத்தில் பதிவுசெய்து எடுத்த தொலைந்த ஆவண அறிக்கை போதும் என்பார்கள். வேறிடத்தில், தேடியும் கிடைக்கவில்லை என்று காவல் நிலையமே எழுதித் தரும் சான்று வேண்டும் என்பார்கள். முதலாவது, தொலைந்தது என்று நீங்கள் சொன்னதற்கான பதிவு. இரண்டாவது, தேடிப் பார்த்ததாக அவர்கள் சொல்வது. இரண்டும் ஒன்றல்ல. எது வேண்டும், பத்திரம் தமிழிலா ஆங்கிலத்திலா என்பதைக் கேட்டுக்கொள்ளாமல் டைப்பிங் கடைக்குப் போகிறவர் இரண்டு முறை போவார்.

"எங்கேம்மா தொலைஞ்சது?" என்று கேட்டேன்.

"பஸ்ஸில அண்ணா."

"நீங்க பார்த்தீங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பார்த்திருந்தா எடுத்திருப்பேனே?"

இந்த ஒரு பதிலில்தான் பிரமாணப் பத்திரத்தின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. ஒரு பொருள் தொலையும் கணத்தை அதைத் தொலைத்தவர் பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் தொலைந்திருக்காது. பிரமாணப் பத்திரமோ, நமக்கு நேராகத் தெரிந்ததைச் சொல்லும் காகிதம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 19ஆம் கட்டளை, 3ஆம் விதி இதைத்தான் சொல்கிறது: பிரமாணம் செய்கிறவர் தம் சொந்த அறிவைக் கொண்டு நிரூபிக்கக்கூடிய சங்கதிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இடைக்கால மனுக்களில் மட்டும் நம்பிக்கையின் பேரில் சொல்லலாம், அதற்கும் நம்பிக்கைக்கான ஆதாரத்தைச் சொல்லியாக வேண்டும். "இது கோர்ட்டுக்குப் போகிற பத்திரம் இல்லையே, பல்கலைக்கழகத்துக்குத்தானே?" என்று கேட்பீர்கள். 1952இல் பம்பாய் மாநிலத்துக்கும் புருஷோத்தம் ஜோக் நாயக் என்பவருக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. சட்டம் நேரடியாகப் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் சரிபார்ப்பு இந்த விதியின் வழியில்தான் அமைய வேண்டும். சொந்த அறிவு இல்லாத இடத்தில் தகவல் எங்கிருந்து வந்தது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த வழக்கில் சறுக்கியது சாதாரண ஆள் அல்ல, ஓர் அரசாங்கத்தின் உள்துறைச் செயலாளருடைய பத்திரம். அதனால் டைப்பிங் கடைக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

ஆகவே அந்தப் பெண்ணிடம், தொலைந்ததை விட்டுவிட்டுத் தெரிந்ததைச் சொல்லச் சொன்னேன். கடைசியாகச் சான்றிதழை எப்போது பார்த்தீர்கள்? ஜூன் 3, செவ்வாய்க்கிழமை மதியம். எங்கே? ஜெராக்ஸ் கடையில். எதற்கு? விண்ணப்பத்தோடு வைக்க இரண்டு நகல் எடுக்க. பிறகு டவுன் பஸ் ஏறி வீட்டுக்கு வந்திருக்கிறார். கோப்பைத் திறக்கவேயில்லை. 9ஆம் தேதி காலையில் திறந்தபோது இரண்டு நகலும் இருந்தன, மூலம் இல்லை.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நகல் இருக்கிறதென்றால் மூலம் கண்ணாடிமேல் இருந்திருக்கிறது. அது அங்கிருந்து கோப்புக்குள் திரும்பி வந்ததை யாரும் பார்க்கவில்லை. பஸ்மேல் பழி போடுவதற்கு என்ன ஆதாரம் இருக்கிறதோ, அதைவிட அதிகமாக ஜெராக்ஸ் மெஷின்மேல் இருக்கிறது. ஆனால் அதையும் எழுதக்கூடாது. மெஷினில்தான் விட்டேன் என்பதும் ஊகம்தான். கடைசியாகப் பார்த்த இடமும் நேரமும், இல்லை என்று தெரிந்த நாளும், நடுவில் செய்ததும், பிறகு தேடியதும் எழுதினால் போதும். படிக்கிறவருக்கு மீதி புரியும்.

பத்திரத்தைக் காட்டும்முன் முத்திரைத்தாளைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. தமிழ்நாட்டில் பிரமாணப் பத்திரத்துக்கு நெடுங்காலம் 20 ரூபாய்த் தாள் போதுமானதாக இருந்தது. 2024இல் அதை 200 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். பழைய நினைப்பில் பீரோவிலிருந்து 20 ரூபாய்த் தாளை எடுத்து வருகிறவர்களை இன்னமும் பார்க்கிறேன். முத்திரைத்தாள் ஆறு மாதத்தில் காலாவதியாகிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. ஆறு மாதம் என்பது, பயன்படுத்தாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவதற்கான கெடு. பழைய தாளில் எழுதியதாலேயே பத்திரம் செல்லாமல் போய்விடாது என்று திருவேங்கடப் பிள்ளை - நவநீதம்மாள் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. ஆனாலும் புதிய தாளையே உங்கள் பெயரில் வாங்குங்கள். கவுன்ட்டரில் இருக்கிற எழுத்தரிடம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி ஜெயித்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். தாள் வாங்கிய தேதி, பத்திரத்தில் கையெழுத்திட்ட தேதிக்கு முந்தியதாகவோ அதே நாளாகவோ இருக்க வேண்டும். தாள் பிறப்பதற்கு முன்பே அதில் சத்தியம் செய்தவர்களும் உண்டு.

இனி மாதிரி. பெயர் வரவேண்டிய இடத்தில் "இன்னார்" என்று போட்டிருக்கிறேன். அதை மாற்றுங்கள். மாற்றாமல் கொண்டுபோனவர் ஒருவர் இருப்பதால்தான் சொல்கிறேன்.

பிரமாணப் பத்திரம்

இன்னாரின் மகளும் இன்னாரின் மனைவியும், இன்ன ஊர், இன்ன தெரு, கதவு எண் இத்தனையில் வசித்து வருபவரும், சுமார் 29 வயதுடையவருமான இன்னார் ஆகிய நான் சத்தியமாக உறுதி கூறி உண்மையாகத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்:

1. நான் இன்ன பல்கலைக்கழகத்தோடு இணைந்த இன்ன கல்லூரியில் 2013 முதல் 2016 வரை பி.காம். படித்து, ஏப்ரல் 2016 தேர்வில் தேர்ச்சி பெற்றேன். என் பதிவெண் இன்னது.

2. மேற்படி பல்கலைக்கழகம் எனக்கு வழங்கிய பட்டச் சான்றிதழின் எண் இன்னது, நாள் இன்னது. அதில் என் பெயர் தந்தையின் முதலெழுத்தோடும், என் ஆதார் அட்டையில் கணவரின் முதலெழுத்தோடும் உள்ளது. இரண்டு பெயர்களும் என்னையே குறிக்கும். திருமணப் பதிவுச் சான்றின் நகலை இணைத்துள்ளேன்.

3. 03.06.2025 அன்று பிற்பகல் மேற்படி மூலச் சான்றிதழை ஒரு கோப்பில் வைத்து, இன்ன தெருவிலுள்ள நகல் எடுக்கும் கடைக்குக் கொண்டுசென்று இரண்டு நகல்கள் எடுத்தேன். பிறகு நகரப் பேருந்தில் வீடு திரும்பினேன். நகல் எடுக்கக் கொடுத்த பிறகு மேற்படி மூலச் சான்றிதழை நான் பார்க்கவில்லை. நகல்களில் ஒன்றை இணைத்துள்ளேன்.

4. 09.06.2025 அன்று காலை கோப்பைத் திறந்தபோது நகல்கள் மட்டுமே இருந்தன. மூலச் சான்றிதழ் இல்லை. அன்றே வீடு முழுவதும் தேடியும் கிடைக்கவில்லை.

5. அன்று மாலை மேற்படி கடையின் உரிமையாளரை நேரில் சந்தித்து விசாரித்தேன். அத்தகைய சான்றிதழ் எதுவும் தம் கடையில் இல்லை என்று அவர் தெரிவித்தார். 03.06.2025க்குப் பிறகு வீட்டில் வேறு யாரும் அந்தக் கோப்பை எடுக்கவில்லை என்று என் மாமியார் இன்னார் தெரிவித்தார்.

6. 10.06.2025 அன்று தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் இது குறித்துப் பதிவு செய்தேன். அந்த அறிக்கையின் எண் இன்னது. நகலை இணைத்துள்ளேன்.

7. மேற்படி மூலச் சான்றிதழை நான் எந்த வங்கியிடமும், நிறுவனத்திடமும், தனிநபரிடமும் ஈடாகவோ வேறு காரணத்துக்காகவோ ஒப்படைக்கவில்லை.

8. மூலச் சான்றிதழ் பின்னர் கிடைத்தால், அதைப் பயன்படுத்தாமல் மேற்படி பல்கலைக்கழகத்தில் ஒப்படைப்பேன் என்று உறுதி கூறுகிறேன்.

9. சான்றிதழின் இரண்டாம்படி பெறுவதற்காக மேற்படி பல்கலைக்கழகத்தின் பதிவாளரிடம் அளிக்கும் பொருட்டு இப்பத்திரத்தை எழுதிக் கொடுக்கிறேன்.

பிரமாணம் செய்பவரின் கையொப்பம்

சரிபார்ப்பு

மேலே 1 முதல் 4 வரையிலும், 6, 7 ஆகியவற்றிலும் கண்ட சங்கதிகள் என் சொந்த அறிவில் உண்மை. 5ஆம் பத்தியில் நான் விசாரித்ததாகச் சொல்லியிருப்பது என் சொந்த அறிவில் உண்மை. விசாரித்ததில் தெரியவந்தவை அப்பத்தியில் கண்ட இருவரும் சொன்ன தகவல், அதை உண்மை என்று நம்புகிறேன். 8, 9 ஆகியவை என் உறுதிமொழியும் நோக்கமும். எதையும் மறைக்கவில்லை என்று 12.06.2025 அன்று இன்ன ஊரில் கையொப்பமிட்டேன்.

பிரமாணம் செய்பவரின் கையொப்பம்

மேற்படி இன்னார், அடையாளச் சான்று காட்டி, இப்பத்திரத்தைப் படித்து, இதிலுள்ளவற்றைப் புரிந்துகொண்டு, உண்மை என உறுதி கூறி, 12.06.2025 அன்று இன்ன ஊரில் என் முன்னிலையில் கையொப்பமிட்டார்.

நோட்டரியின் கையொப்பம், முத்திரை, பதிவேட்டு வரிசை எண்

மாதிரி இத்துடன் முடிந்தது.

பத்திகளுக்கு ஏன் எண் போடுகிறோம் என்பது பலருக்கும் தெரிவதில்லை. பார்க்க அழகாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எண்கள் இருப்பது சரிபார்ப்புக்காக. எது நான் கண்டது, எது எனக்குச் சொல்லப்பட்டது என்று கடைசியில் பிரித்துக் காட்ட வேண்டும். எண் இல்லாவிட்டால் எதைச் சுட்டிக்காட்டுவது? அதனால்தான் ஒரு பத்தியில் ஒரு சங்கதி என்பது வழக்கம். ஒரே பத்தியில் பிறந்தது, படித்தது, தொலைத்தது, அழுதது எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் சரிபார்ப்பு எழுத முடியாது. ஐந்தாம் பத்தியில் நானே அந்த விதியைக் கொஞ்சம் மீறியிருக்கிறேன். விசாரித்தது அவர் செய்தது, பதில் அடுத்தவர் சொன்னது. இரண்டையும் ஒன்றாக வைத்ததால் சரிபார்ப்பில் கூடுதலாக ஒரு வரி எழுத வேண்டியதாயிற்று. நீங்கள் வேண்டுமானால் இரண்டு பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பிரித்தால் பிறகு வரும் எண்கள் எல்லாம் நகரும், சரிபார்ப்பில் உள்ளவையும் நகர வேண்டும்.

அதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து. கடைசி நேரத்தில் நடுவில் ஒரு பத்தி நுழையும். கம்ப்யூட்டர் பத்தி எண்களைத் தானே மாற்றிவிடும். சரிபார்ப்பில் இருக்கும் எண்களை அது மாற்றாது. அங்கே பழைய கணக்கே நிற்கும். எங்கள் பெண்ணின் பத்திரத்திலேயே இது நடந்தது. டைப் அடிக்கிற தம்பி முதலில் எட்டுப் பத்தியாக அடித்திருந்தான். காவல்துறை அறிக்கை ஞாபகம் வந்து நடுவில் சேர்த்தபோது அது ஆறாம் பத்தியாயிற்று. சரிபார்ப்போ அப்படியே இருந்தது. அதன்படி, சான்றிதழை யாரிடமும் ஈடு வைக்கவில்லை என்பது அவருடைய வெறும் உறுதிமொழி, கிடைத்தால் திருப்பித் தருவேன் என்பது அவருடைய நோக்கம், ஒன்பதாம் பத்தி யாருக்கும் சொந்தமில்லை.

"அண்ணே, பேசாம 'மேற்கண்டவை யாவும் எனக்குத் தெரிந்தவரை உண்மை'ன்னு போட்டுடலாம். எல்லாரும் அதைத்தான் போடுறாங்க" என்றான் தம்பி.

எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள். வாங்குகிற அலுவலகமும் பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்த வரியின்படி, வீட்டில் யாரும் கோப்பை எடுக்கவில்லை என்பது அந்தப் பெண்ணுக்கே நேராகத் தெரியும். பகல் முழுவதும் அவர் வெளியே இருந்தார். மாமியார் சொன்னதுதான் தெரியும். நாளைக்கு மைத்துனன் "நான்தான் அண்ணி எடுத்தேன்" என்று வந்து நின்றால், பொய் சொன்னது மாமியார் அல்ல, சத்தியம் செய்தவர். பிரமாணம் செய்விக்கும் அதிகாரம் உள்ளவர் முன்னால் தெரிந்தே பொய் சொன்னால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 216ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் இது 181. "தெரிந்தே" என்ற சொல்தான் அதில் முக்கியம். யார் சொன்னது என்று ஒழுங்காக எழுதிவிட்டால், அடுத்தவர் தப்பாகச் சொன்னதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. சரிபார்ப்பு உங்களைக் கட்டிப்போடுவதற்காக மட்டும் எழுதப்படுவது இல்லை, காப்பாற்றவும்தான்.

ஏழாம் பத்தியைச் சிலர் சடங்கு என்று நினைத்துத் தாண்டிப் போவார்கள். அங்கே கொஞ்சம் நில்லுங்கள். சான்றிதழ் "தொலைந்தது" என்று எங்களிடம் வருகிறவர்களில் சிலருடைய சான்றிதழ் தொலையவே இல்லை. இருக்குமிடம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பாதியில் விட்ட கல்லூரியில் இருக்கும், ஒப்பந்தக் காலம் முடியும்முன் விலகிய கம்பெனியின் அலமாரியில் இருக்கும், கடன் கொடுத்தவரிடம் இருக்கும். போய்க் கேட்கச் சங்கடம். அதனால் "தொலைந்துவிட்டது என்று போட்டுடலாமா சார்?" கூடாது. அது நேரடிப் பொய். ஏழாம் பத்தி அந்தப் பொய்யைப் பிடிப்பதற்காகவே வைக்கப்பட்டது. கல்லூரி வைத்துக்கொண்டிருந்தால் அதற்கு வேறு வழி இருக்கிறது. மாணவர்களின் மூலச் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. எழுத்து மூலம் கேளுங்கள், தராவிட்டால் புகார் கொடுங்கள். கறையான் அரித்ததும் தொலைந்தது அல்ல. அது சேதம். மிச்சமிருக்கும் துண்டைக் கையில் கொண்டுபோனால் வேலை எளிது. அதைக் குப்பையில் போட்டுவிட்டு வந்து தொலைந்தது என்று சத்தியம் செய்கிற புத்திசாலிகளுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் பத்தியில் பெயர் விவகாரம் இருக்கிறதே, அது பெண்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். முதலெழுத்து முன்னால் ஓர் ஆவணத்தில், பின்னால் ஒன்றில், விரித்து எழுதியது மூன்றாவதில் என்று நம் எல்லாருக்கும் இரண்டு மூன்று பெயர்கள் உண்டு. பத்திரத்தின் தலைப்பில் ஆதாரில் உள்ள பெயர், உள்ளே சான்றிதழில் உள்ள பெயர், இரண்டும் ஒருவரே என்று ஒரு வரி. இதை விட்டால் நோட்டரி அடையாள அட்டையைப் பார்க்கும்போதோ பல்கலைக்கழகம் பதிவேட்டைப் பார்க்கும்போதோ ஏதாவது ஓர் இடத்தில் நிச்சயம் நிற்கும். பதிவெண்ணையும் ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். நகலையோ மதிப்பெண் பட்டியலையோ பார்த்து எழுதுங்கள். எழுதியபின் வேறொருவரை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள்.

இனி நோட்டரி. 1952ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டப்படி பிரமாணம் செய்விப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. கையெழுத்து அவர் எதிரில் போடப்பட வேண்டும். ஆனால் வீட்டிலேயே அழகாகக் கையெழுத்துப் போட்டு, பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்புவதுதான் நாட்டு வழக்கம். முத்திரை குத்திக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்படி வாங்கிய பத்திரத்தில் "என் முன்னிலையில் கையொப்பமிட்டார்" என்ற வரியே பொய்யாகிவிடும். மற்றதெல்லாம் உண்மையாக இருந்து என்ன பயன்? நோட்டரி தம் பதிவேட்டில் வரிசை எண் போட்டு எழுதிக்கொள்கிறாரா என்று பாருங்கள். அந்த எண்ணும் தேதியும் பத்திரத்திலும் இருக்க வேண்டும். கடவுள்மேல் ஆணையிட விருப்பமில்லாதவர் உறுதி மட்டும் கூறலாம். 1969ஆம் ஆண்டின் ஆணையுறுதிச் சட்டத்தில் இரண்டுக்கும் ஒரே மதிப்புதான். படிக்கத் தெரியாதவர் என்றால் "படித்து" என்பதற்குப் பதிலாக, "படித்துக் காட்டி விளக்கப்பட்டு, புரிந்துகொண்டதாகத் தெரிவித்து" என்று மாற்ற வேண்டும். கைநாட்டு வைத்தவர் "படித்துப் பார்த்து" கையொப்பமிட்டதாகப் போகிற பத்திரங்கள் ஏராளம்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து. அடித்தல் திருத்தல் இருந்தால் அந்த இடத்தில் சுருக்கொப்பம். சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகும் பிரமாணப் பத்திரங்களில் பக்கத்துக்குப் பக்கம் "திருத்தங்கள்: இல்லை" என்றோ, எத்தனை என்றோ கீழே எழுதுவார்கள். நல்ல பழக்கம். நானும் எல்லாப் பத்திரத்துக்கும் போடுவேன். கையெழுத்திட்ட பிறகு ஒரு பக்கத்தை மட்டும் புதிதாக அடித்துச் செருகினால் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் பெண் வியாழக்கிழமை நோட்டரி முன் உட்கார்ந்தார். வயதான மனிதர். மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு மூன்றாம் பத்திவரை படித்தவர் நிமிர்ந்து, "பஸ்ஸிலதானே தொலைஞ்சது?" என்றார்.

"தெரியாது சார்" என்றார் அவர்.

நோட்டரி என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல், கடைசிவரை படித்து, சரிபார்ப்பில் உள்ள எண்களைப் பத்தியோடு பத்தியாக விரல் வைத்து ஒத்துப் பார்த்தார். பிறகு பதிவேட்டை இழுத்தார்.

வெளியே வந்ததும், பத்திரத்துக்கு இரண்டு நகல் எடுத்து ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மூலம் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால் திரும்பி வராது. பக்கத்தில் வேறு கடை இல்லை, அதே ஜெராக்ஸ் கடைக்குத்தான் போக வேண்டும். இந்த முறை நானும் கூடவே போனேன். நகல் எடுத்து முடித்து, பத்திரத்தை அவர் கோப்பில் வைத்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்தேன். அப்புறமும் மனசு கேட்கவில்லை. பக்கத்திலிருந்த இன்னொரு மெஷினின் மூடியையும் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடிமேல் யாரோ ஒரு பள்ளிக்கூடத்துப் பையனின் டி.சி. கவிழ்ந்து கிடந்தது.